இரத்ததான முகாம் சான்றிதழ்ல என்ன எழுதுறது? முதல் தடவை செய்யிற ஆக்களுக்கு

எங்கட கல்லூரியில முதல் தடவை இரத்ததான முகாம் வெச்சப்ப மாணவர் ஒன்றியத்துக்கு நான்தான் செயலாளர். மண்டபம் பிடிக்கிற, சாப்பாட்டுக்குச் சொல்லுற வேலையெல்லாம் ஆளாளுக்குப் பிரிச்செடுத்தாங்க, பாராட்டுச் சான்றிதழ் அடிக்கிறது மட்டும் என்ட தலையில வந்தது. அது லேசான வேலதானே எண்டு நினைச்சு, எங்கயோ கிடந்த பழைய சான்றிதழ் ஒண்ட எடுத்து பேரையும் திகதியையும் மாத்தி பிரஸ்ஸுக்குக் குடுத்திட்டன். அண்டைக்கு நான் அடிச்சது இதுதான்:

"இத்தால் சான்றுப்படுத்துவது யாதெனில் திரு/செல்வி ................ (இரத்த வகை .......) அவர்கள் எமது கல்லூரியில் நடைபெற்ற இரத்ததான முகாமில் இரத்தம் வழங்கி மூன்று உயிர்களைக் காத்தமைக்காக இச்சான்றிதழ் வழங்கிக் கௌரவிக்கப்படுகிறார்."

பார்த்தா வடிவாத்தான் இரிக்கு, நிறைய இடத்தில இப்பிடித்தான் எழுதுறாங்க. ஆனா முகாம் நடந்த அண்டு பகலே இதில என்ன பிழை எண்டு எனக்கு விளங்கிட்டு. எங்கட வகுப்புப் புள்ள ஒண்டு, முகாமுக்கு ஆள் சேக்கிறதில எல்லாரையும் விட ஓடித் திரிஞ்ச புள்ள, அவக்கு விரல்ல குத்திப் பார்த்திட்டு இரத்தத்தில ஹீமோகுளோபின் காணாது, இண்டைக்கு எடுக்கேலாது எண்டு சொல்லிட்டாங்க. மத்த ஆக்கள் இரத்தம் குடுத்திட்டு வெளியில வரக்குள்ள நாங்க வாசல்ல நிண்டு ஒவ்வொருத்தருக்கா சான்றிதழ் குடுத்துக்கிட்டு இரிக்கம், அவ பக்கத்தில நிக்கிறா, கையில ஒண்டுமில்ல. போற வாற ஆக்களெல்லாம் "ஏன் புள்ள, உனக்கு இல்லையா?" எண்டு கேக்கிறாங்க. அவக்குக் குடுக்கலாம் எண்டு ஒண்ட எடுத்தா அதில "இரத்தம் வழங்கி மூன்று உயிர்களைக் காத்தமைக்காக" எண்டு கிடக்கு. குடுத்தா பொய், குடுக்காட்டி அவவ எல்லாருக்கும் முன்னால நிப்பாட்டி வெச்ச மாதிரி.

அதுக்குப் பிறகு நடந்த முகாம்களுக்கும் நான்தான் எழுதிக் குடுக்கிறன், அதில படிச்சத சொல்லுறன்.

முதல்ல விளங்கிக் கொள்ள வேண்டியது, முகாமுக்கு வாற எல்லார்ட இரத்தமும் எடுக்கிறல்ல. பதிவு மேசையில அடையாள அட்டை பார்ப்பாங்க, பிறகு நீளமா ஒரு கேள்விப் படிவம் நிரப்பணும், அதுக்குப் பிறகு டொக்டர் தனியா வெச்சுக் கதைப்பார், நிறை பார்ப்பாங்க, பிரஷர் பார்ப்பாங்க, விரல்ல குத்தி ஒரு துளி எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பாங்க. கன முகாம்களில அந்தத் துளிய நீலக் கலர் கரைசலுக்குள்ள விட்டுத்தான் பார்க்கிற, துளி சுறுக்கா கீழ போனா சரி, தாழாம மிதந்துக்கிட்டு நிண்டா காணாது. பதினெட்டு வயசு நிரம்பியிருக்கணும், நிறை 50 கிலோவுக்குக் குறையப்படாது, போன தடவ குடுத்து 4 மாசம் முடிஞ்சிருக்கணும். இதில எதில எண்டாலும் ஒரு ஆள் நிக்கலாம். ராத்திரி நித்திரை இல்லாம வந்தவர் நிப்பார், காலைச் சாப்பாடு சாப்பிடாம வந்தவர் நிப்பார், ஏதும் மருந்து எடுக்கிறவர் நிப்பார், கேள்விப் படிவத்தில தன்ட வாழ்க்கையப் பத்தி உண்மைய எழுதினதால நிக்கிறவரும் இரிப்பார்.

இந்தக் கடைசி ஆளத்தான் சான்றிதழ் எழுதக்குள்ள மனசில வெச்சிருக்கணும். எடுக்கிற ஒவ்வொரு பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா எண்டு சோதிக்கத்தான் செய்யிறாங்க. ஆனா ஒருத்தருக்குக் கிருமி தொத்தின புதுசில கொஞ்ச நாளைக்கு எந்தச் சோதனையிலயும் பிடிபடாத ஒரு இடைவெளி இரிக்கு, அந்த நேரத்தில நோயாளியக் காப்பாத்துறது குடுக்க வந்தவர் அந்தக் கேள்விகளுக்குச் சொல்லுற உண்மை மட்டும்தான். இப்ப யோசிச்சுப் பாருங்க, இரத்தம் குடுத்தவனுக்கு மட்டும்தான் சான்றிதழ், குடுக்காம வெளியில வந்தா வகுப்பே "உனக்கு என்ன வருத்தம்?" எண்டு கேக்கும் எண்டா, இருபது வயசுப் பொடியன் ஒருத்தன் அந்தக் கேள்வியில "இல்ல" எண்டு கீறிட்டுப் போய்ப் படுத்திருவான். சான்றிதழ்ல நாங்க போடுற ஒரு வினைச்சொல் அவன அந்த இடத்துக்குத் தள்ளுது. அதாலதான் நான் சொல்லுறன், "வழங்கியமை" எண்டு எழுதாதீங்க, "முன்வந்தமை" எண்டு எழுதுங்க. குடுத்தவரும் முன்வந்தவர்தான், திருப்பி அனுப்பப்பட்டவரும் முன்வந்தவர்தான், ஊசி போட்டும் இரத்தம் ஒழுங்கா ஓடாம பை நிரம்பாமப் போனவரும் முன்வந்தவர்தான், மூண்டு பேருக்கும் ஒரே தாள், ஒருத்தருக்கும் பொய் சொல்லல்ல.

இதச் சொன்னா கூட்டத்தில கட்டாயம் ஒருத்தர் எழும்புவார், "நான் இரத்தம் குடுத்திட்டு வாறன், அவர் சும்மா வந்திட்டுப் போறார், ரெண்டு பேருக்கும் ஒண்டா?" எண்டு. கேள்வி நியாயமானதுதான். அதுக்குப் பதில் என்னண்டா, குடுத்ததுக்கான பதிவு இரத்த வங்கி குடுக்கிற கொடையாளர் அட்டையில இரிக்கு, எப்ப குடுத்தது எண்டு அதில வரும், அடுத்த தடவ குடுக்கப் போகக்குள்ள அதத்தான் கொண்டு போகணும். கல்லூரி குடுக்கிற தாள் நன்றி சொல்லுற தாள், அது மருத்துவப் பதிவு இல்ல. ரெண்டையும் கலக்காம வெச்சா ஒரு பிரச்சினையும் வராது.

சரி, இப்ப அந்தப் பழைய வாசகத்த ஒவ்வொரு துண்டாப் பார்ப்பம்.

"மூன்று உயிர்களைக் காத்தமைக்காக" எண்டது எங்க இருந்து வருதெண்டா, ஒரு பை இரத்தத்தச் செங்குருதிக் கலம், பிளாஸ்மா, பிளேட்லெட் எண்டு பிரிச்சு வேற வேற நோயாளிக்குக் குடுக்கலாம், அதால சொல்லுறாங்க. பிரிக்கிறது உண்மை. ஆனா சான்றிதழ் குடுக்கிற நேரம் அந்தப் பை இன்னும் சோதனைக்கே போகல்ல, சோதனையில கழியலாம், பிளேட்லெட் 5 நாள்தான் இரிக்கும், அதுக்குள்ள தேவைப்படாட்டி அதுவும் கழியும். நடக்காத ஒண்ட நடந்ததா எழுதி அதுக்குக் கீழ டொக்டர்ட கையெழுத்த வாங்கேலாது. உயிர் எண்ட சொல் வேணும் எண்டு ஆசையா இருந்தா "உயிர்காக்கும் பணிக்கு" எண்டு போடலாம், அது பணியப் பத்திச் சொல்லுது, எண்ணிக்கை சொல்லல்ல.

"இரத்த வகை" எண்ட இடத்த அப்பிடியே எடுத்திருங்க. சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா அத நிரப்புறது ஆரு? அண்டைக்கு எங்கட ஆக்கள் வாயால கேட்டு எழுதினாங்க. ஒருத்தர் தன்ட வகையப் பிழையா நினைச்சுக்கிட்டு இரிக்கலாம், அத நாங்க முத்திரை குத்தி அச்சில குடுத்தா அவர் அத நம்பிக்கிட்டு இருப்பார். ஆஸ்பத்திரியில எப்பிடியும் தாளப் பார்த்து இரத்தம் ஏத்துறல்ல, நோயாளிட மாதிரிய எடுத்துத் திரும்பப் பொருத்திப் பார்த்துத்தான் ஏத்துவாங்க, அப்ப சான்றிதழ்ல அது இருந்து ஒரு பிரயோசனமும் இல்ல. அதோட சுவர்ல மாட்டுற, பேஸ்புக்கில போடுற தாள்ல ஒருத்தர்ட உடம்பு விபரம் எதுக்கு?

"திரு/செல்வி" எண்டு போட்டா பிறகு பேனையால ஒண்ட வெட்டணும், அழகான தாள்ல வெட்டுக் கோடு விழும். எங்கட பக்கம் செல்வன், செல்வி, திருமதி, ஜனாப் எண்டு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்டு, ஆசிரியர்மாரும் வருவாங்க, வெளியாக்களும் வருவாங்க. ஒண்டும் போடாதீங்க. பேருக்குப் பின்னால "அவர்கள்" எண்டு வந்தா மரியாதை அதிலயே வந்திரும். இன்னொரு வசதியும் இரிக்கு, பேரோட நேரா உருபு சேக்கத் தேவையில்ல. "பாத்திமாவைப் பாராட்டி", "சுகந்தனைப் பாராட்டி" எண்டு பேருக்குப் பேர் மாறும், "அவர்களைப் பாராட்டி" எண்டா எல்லாருக்கும் ஒண்டுதான், வெறும் கோடு விட்டு அடிச்சிரலாம்.

பிறகு அந்த "இத்தால் சான்றுப்படுத்துவது யாதெனில்". இது கந்தோர்ப் பத்திரத்தில வாற தொடக்கம், நன்றி சொல்லுற தாளுக்கு ஒத்து வராது. அதோட "யாதெனில்" எண்டு தொடங்கினா கடைசியில "என்பதாகும்" எண்டு முடியணும், நான் "கௌரவிக்கப்படுகிறார்" எண்டு முடிச்சன், அதுவும் "அவர்கள்" எண்டு போட்டிட்டு "கிறார்". பிரஸ்ஸில இருந்த ஒரு வயசாளி அண்டைக்கே கேட்டவர், "மனே, தலையும் வாலும் பொருந்தல்லையே" எண்டு, நான்தான் அவசரத்தில காதில வாங்கல்ல. தமிழ்ல வசனம் வினையில முடியும், அதால என்ன செஞ்சதுக்கு எண்டத முதல்ல சொல்லி, பேர அதுக்குப் பிறகு வெச்சா வாசிக்கக்குள்ள தானா ஓடும்.

நான் இப்ப எழுதுறது இப்பிடி:

"பாராட்டுச் சான்றிதழ்

எமது கல்லூரி மாணவர் ஒன்றியம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இரத்த வங்கியுடன் இணைந்து, ................ ஆம் திகதி நடத்திய இரத்ததான முகாமில், எவ்விதக் கைம்மாறும் கருதாது, தமது சுயவிருப்பின் பேரில் இரத்தம் வழங்க முன்வந்த

................................................

அவர்களைப் பாராட்டி, நன்றியுடன் இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது."

இவ்வளவுதான். சில பேர் டிசைன்ல பேர் மேலதான் வரணும் எண்டு நிப்பாங்க, அப்ப "................ அவர்கள்" எண்டு தொடங்கி, கடைசியில "முன்வந்தமையைப் பாராட்டி இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது" எண்டு முடிச்சிருங்க. ரெண்டில ஒண்டுதான், மேல "அவர்களுக்கு" எண்டும் கீழ "அவர்களைப் பாராட்டி" எண்டும் ரெண்டு தரம் வந்தா வசனம் முறியும், டிசைன் செய்யிற தம்பிமார் இத அடிக்கடி செய்வாங்க.

இதில ரெண்டு சொல்ல நான் வேணுமெண்டு வெச்சிரிக்கன். ஒண்டு "இணைந்து". முன்னம் நாங்க "இரத்த வங்கியின் அனுசரணையுடன்" எண்டு எழுதுறது வழக்கம், அனுசரணை எண்டா காசு போட்டவர் எண்டு அர்த்தமாப் போகுது, இரத்த வங்கி எங்களுக்குக் காசு போடல்ல, அவங்கதான் இரத்தம் எடுக்கிற ஆக்கள், நாங்க இடமும் ஆக்களும் குடுக்கிறம். கல்முனைப் பக்கமோ அம்பாறையிலயோ செய்யிறீங்க எண்டா எந்த ஆஸ்பத்திரி இரத்த வங்கி வருதோ அவங்கட முழுப் பேர அவங்களட்டயே எழுதி வாங்குங்க, ஆதார வைத்தியசாலை, பொது வைத்தியசாலை எண்டதெல்லாம் மாறிப் போனா அவங்க கையெழுத்து வெக்க யோசிப்பாங்க. மத்தது "கைம்மாறும் கருதாது". நம்மட நாட்டில 2014 இல இருந்து இரத்தம் முழுக்க முழுக்கத் தன்விருப்பமாக் குடுக்கிறவங்களட்ட இருந்துதான் வருது, காசுக்கு வாங்குறதில்ல. அதுக்கு ஒத்த சொல் தாள்ல இருக்கிறது நல்லது.

அந்தச் சொல்ல எழுதிட்டு அதே தாள்ல அதுக்கு எதிரா ஒண்டும் வெச்சிராதீங்க. ஒரு தடவ கடைக்காரர் ஒருவர் உதவி செய்ய முன்வந்து, "இந்தச் சான்றிதழக் காட்டினா சாமானில கழிவு" எண்டு பின்பக்கம் அடிக்கச் சொன்னார், நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா காசுக்குப் பதிலா நிக்கிற எதுவும் கைம்மாறாகிப் போகும். சின்னதா ஒரு ஞாபகப் பொருள், குடிக்க ஏதும், வந்து போற பஸ் செலவு, இவ்வளவும் தன்விருப்பக் கொடையோட ஒத்துப் போகும் எண்டு உலகளவில ஏத்துக்கொண்டது, கழிவு அதுக்குள்ள வராது. அந்தக் கடைக்காரர்ட்ட விளங்கப்படுத்தினம், அவர் அதுக்குப் பதிலா எல்லாருக்கும் ஜூஸ் வாங்கித் தந்தார். அதே மாதிரி "பின்னாளில் இரத்தம் தேவைப்படின் முன்னுரிமை" எண்ட வசனத்தையும் எழுதாதீங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில தேவைய வெச்சுத்தான் குடுப்பாங்க, நாங்க வாக்குக் குடுக்க அது எங்கட சாமான் இல்ல. சில இடத்தில ஆசிரியர்மார் புள்ளியோ வரவோ சேத்துத் தாறம் எண்டு சொல்லுவாங்க, அதையும் பணிவா வேணாம் எண்டு சொல்லுங்க.

கையெழுத்து. அதிபர் இல்லாட்டி பணிப்பாளர் ஒருத்தர், முகாமுக்குப் பொறுப்பா வாற டொக்டர் ஒருத்தர், இது போதும். முகாமுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே வாசகத்தக் கொண்டு போய் ரெண்டு பேரட்டயும் காட்டுங்க, ஆஸ்பத்திரிட இலச்சினையோ அரச இலச்சினையோ போடுற எண்டா அதுக்கும் அப்பவே கேளுங்க, இன்டர்நெட்ல இருந்து எடுத்து ஒட்டாதீங்க. டொக்டர்மார் "வழங்கி" எண்டு இருந்தா ஆர் ஆர் குடுத்தாங்க எண்டு பார்க்காமக் கையெழுத்து வெக்க மாட்டாங்க, "முன்வந்த" எண்டா வெறும் தாள்லயே வெச்சுத் தருவாங்க. இது எங்களுக்கு நேரத்தில பெரிய லாபம்.

பேர் எடுக்கிற விசயத்தில ஒரு கவனம் வேணும். இரத்த வங்கிட கேள்விப் படிவத்தப் பார்த்துப் பேர் எழுதுறது சுகம், எல்லாப் பேரும் அதில கிடக்கும். ஆனா அதில அந்த ஆள்ட அந்தரங்க விபரமும் கிடக்கு, நாங்க அதத் தொடவே கூடாது. வாசல்ல எங்கட சொந்த மேசை ஒண்டு போட்டு, ஒரு கொப்பி வெச்சு, வாற ஆள் உள்ள போறதுக்கு முன்னம் தன்ட பேரத் தானே எழுதட்டும், சான்றிதழ்ல எப்பிடி வரணுமோ அப்பிடி. எங்கட பக்கம் இது முக்கியம், ஒரே பேர ஒருத்தர் றிஸ்வான் எண்டும் ஒருத்தர் ரிஸ்வான் எண்டும் எழுதுவார், முதலெழுத்து சிலருக்குத் தமிழ்ல, சிலருக்கு ஆங்கில எழுத்த வெச்சு. அவர் எழுதினத அப்பிடியே பார்த்து எழுதுறதுதான் சரி, நாங்க திருத்தப் போறல்ல. சிங்களப் புள்ளைகள் படிக்கிற இடமா இருந்தா வாசகத்தச் சிங்களத்திலயும் போடுங்க, ஆனா அந்த மொழியத் தாய்மொழியாக் கதைக்கிற ஒருத்தரட்டக் காட்டாம அடிக்காதீங்க.

உள்ள போன பிறகு ஆர் குடுத்த, ஆர் திரும்பின எண்டு அந்தக் கொப்பியில ஒண்டும் குறிக்காதீங்க. உதாரணத்துக்கு, கொப்பியில 80 பேர் எழுதினாங்க, இரத்த வங்கி கடைசியில 63 பை கொண்டு போகுது எண்டு வெப்பம். அறிக்கைக்கு 63 எண்ட எண்ணிக்கை காணும், சான்றிதழ் 80 போகும், மிச்ச 17 ஆர் எண்டு கல்லூரிக்குத் தெரியத் தேவையில்ல. தாள் 90 அடிச்சா பேர் பிழைக்கிறதுக்குக் கொஞ்சம் கையில இரிக்கும்.

அச்சில ஒரு கரைச்சல் வரும். நாங்க போன்ல யூனிகோட்ல அடிச்சுக் குடுப்பம், பிரஸ்ஸில பாமினி எழுத்துருவில வேலை செய்வாங்க. மாத்தக்குள்ள சில நேரம் "அவர்கள்" எண்டது `mth;fs;` எண்டு வந்து நிக்கும், அது கண்ணுக்குத் தெரியும், திருத்திரலாம். தெரியாம நழுவுறது ஒற்றுத்தான், "கைம்மாறும்" எண்டதில ஒரு புள்ளி போறது, "பாராட்டுச் சான்றிதழ்" எண்டதில "ச்" விழுந்து போறது. அதால பைல அனுப்பச் சொல்லாதீங்க, ஒரு தாள் அடிச்சுக் கையில தரச் சொல்லுங்க, ரெண்டு பேர் சத்தம் போட்டு வாசிங்க, பிறகு மிச்சத்த அடிக்கச் சொல்லுங்க. பேரக் கையால எழுதப் போறீங்க எண்டா பளபளப்புத் தாள் எடுக்காதீங்க, மை காயாம அடுத்த தாள்ல ஒட்டும்.

கடைசியாக் குடுக்கிற விதம். இரத்தம் குடுத்து எழும்பின கையோட மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுக்கிற வழக்கம் கன இடத்தில இரிக்கு. அந்த நேரம் அவர் ஒரு பத்துப் பதினஞ்சு நிமிசம் இருந்து, ஏதும் குடிச்சு ஆறணும், வெக்கையான மண்டபத்தில வரிசையில நிப்பாட்டினா தலை சுத்தி விழுந்திருவாங்க, எங்கட முகாம்ல ஒரு பொடியன் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில மயங்கி விழுந்தவன், நல்ல காலம் நேர்சம்மா பக்கத்தில நிண்டவ. அதால இரத்தம் எடுக்கிற அறை வாசல்ல வெச்சுக் குடுக்காம, அடுத்த கிழமை காலைக் கூட்டத்திலயோ வகுப்பு வகுப்பாவோ கொப்பியில உள்ள ஒழுங்குக்குப் பேர் வாசிச்சுக் குடுங்க. யூன் 14 இரத்த தானம் செய்யிற ஆக்களுக்கான உலக தினம், முகாம் அதுக்கு முன்னப் பின்ன எண்டா அண்டைக்கே குடுக்கலாம். பேர் வாசிக்கிற ஆள்ட்ட முன்கூட்டியே சொல்லி வெயுங்க, "இரத்தம் குடுத்த" எண்டு வாயால சொல்லப்படாது, தாள்ல உள்ள மாதிரி "முன்வந்த" எண்டே சொல்லணும் எண்டு. தாளத் திருத்திட்டு மைக்கில பிழை விட்டா அந்தப் புள்ள திரும்பவும் அதே இடத்திலதான் நிக்கும்.

அண்டு கையில ஒண்டுமில்லாம நிண்ட அந்தப் புள்ளைக்கு நாங்க ரெண்டு கிழமைக்குப் பிறகு புது வாசகத்தில ஒண்டு அடிச்சு, அதிபர்ட கையெழுத்தோட வீட்ட கொண்டு போய்க் குடுத்தம். வாங்கி ஒரு தரம் வாசிச்சிட்டு, "முன்வந்த" எண்ட இடத்தில விரல வெச்சு உம்மாட்டக் காட்டினா.